தென்னங்குழியில் கிடைத்த கட்டி ஈயமில்லை, உருக்க வேண்டாம்

"அண்ணா, தென்னம்பிள்ளை வைக்கக் குழி வெட்டும்போது ஒன்றரை அடி ஆழத்தில் அலவாங்கு 'டங்' என்று எதிலோ பட்டது. எடுத்துக் கழுவிப் பார்த்தோம். சட்டை தோய்க்கும் சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு சாம்பல் நிறக் கட்டி. மேலெல்லாம் கறையான் தின்றதுபோல் குழி குழியாக இருக்கிறது, வெள்ளைத் தூளும் படிந்திருக்கிறது. இரண்டு முனையிலும் துருப்பிடித்த இரும்புப் பட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறது. மீன்காரரின் தராசில் 2 கிலோ 150 கிராம். காந்தம் முனையில் ஒட்டுகிறது, நடுவில் ஒட்டவில்லை. அம்மா பழைய காலத்து வெள்ளி என்கிறா. தம்பி ஈயம் என்று சொல்லி, உருக்கி வீச்சுவலை தாழக் கட்டும் மணி வார்க்க நிற்கிறான். குண்டு ஏதும் இல்லைத்தானே? படம் அனுப்பியிருக்கிறேன்."
— பக்கத்து வளவுத் தங்கச்சி, பெரியகல்லாறு

தங்கச்சி, முதலில் தம்பியிடம் சொல்லுங்கள், அடுப்பு மூட்ட வேண்டாம். நான் வாழைச்சேனையிலிருந்து வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வருவேன். அதுவரை அந்தக் கட்டி மாமரத்தடியில் கிடக்கட்டும்.

அது குண்டு இல்லை. வெள்ளியும் இல்லை, ஈயமும் இல்லை. படகின் அடியில், தண்ணீருக்குள் இருக்கும் இடத்தில் பூட்டுகிற நாகக் கட்டி அது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடத்தில் நாகம் என்று படித்திருப்பீர்கள், அந்த உலோகம்தான். துறைமுகத்தில் நாங்கள் 'சிங்க்' என்றுதான் சொல்வோம். பல நாள் படகுகளைக் கரையில் ஏற்றிப் பழுதுபார்க்கும் வேலையில் இத்தனை வருடமாக நான் எத்தனையோ சிங்க் கழற்றிப் போட்டிருக்கிறேன். உங்கள் படத்தைப் பார்த்த உடனே அடையாளம் தெரிந்தது. இருந்தாலும் படத்தை மட்டும் நம்பி ஒரு உலோகத்தின் பெயரைச் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் நேற்றிரவு உங்கள் மகனை ஃபோனில் பிடித்து, கட்டியைத் தண்ணீரில் அமிழ்த்தி அளக்கச் சொன்னேன். பிள்ளை பொறுமையாக மூன்று தரம் அளந்து சொன்னான். அதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விசயம். குண்டு இல்லைத்தானே என்று என்னிடம் கேட்டது சரி. ஆனால் அந்தக் கேள்வி கட்டியைத் தோண்டி எடுத்து, கழுவி, மீன்காரர் வரைக்கும் கொண்டுபோன பிறகு வந்திருக்கிறது. 2017இல் எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் தெரிந்திருந்த கண்ணிவெடி நிலங்கள் எல்லாம் துப்புரவாகிவிட்டன என்று அறிவித்தார்கள், உண்மைதான். ஆனால் யுத்தகாலத்தில் வெடிக்காமல் மண்ணுக்குள் போன ஒரு எறிகணை எந்த வளவில் கிடக்கிறது என்று எந்த வரைபடத்திலும் இல்லை. இனி அலவாங்கு உலோகத்தில் பட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அலவாங்கை மெதுவாகப் பக்கத்தில் வைத்துவிட்டு, பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, 119இல் பொலிசுக்குச் சொல்லுங்கள். வந்து பார்த்துவிட்டு 'இது வாளிப் பிடி' என்று சொன்னால் சொல்லட்டும், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எனக்குப் படம் அனுப்புவதென்றாலும் பொருள் மண்ணில் கிடக்கும்போதே தூர நின்று எடுத்து அனுப்புங்கள்.

இந்தக் கட்டியைப் பற்றி நான் தைரியமாகச் சொல்லக் காரணம் அதன் அமைப்பு. நீங்கள் எடுத்த மூன்றாவது படத்தில் முனையை நேராகப் பிடித்திருக்கிறீர்கள். இரும்புப் பட்டை கட்டிக்குள் நுழைகிற இடம் அதில் தெளிவாகத் தெரிகிறது. பட்டையைச் சுற்றி உருகிய உலோகத்தை ஊற்றி ஒரே வார்ப்பாக எடுத்திருக்கிறார்கள். உள்ளே கூடு இல்லை, மூடி இல்லை, புரி வெட்டிய இடம் இல்லை, இரண்டு துண்டைச் சேர்த்த பொருத்து இல்லை. பட்டையின் இரண்டு முனையிலும் நீள்வட்டத் துளை இருக்கிறது. போல்ட் கொஞ்சம் முன்னே பின்னே நகர இடம் வேண்டும் என்பதற்காகத் துளையை நீளமாக வெட்டுவார்கள். ஒரு துளையில் உடைந்த போல்ட்டின் தண்டு இன்னும் இருக்கிறது, அதோடு கறுத்துப்போன மரநார் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நாரைக் கண்டபோதுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. இந்தக் கட்டி ஒரு மரப்பலகையில் பூட்டப்பட்டு இருந்திருக்கிறது.

காந்தம் செய்த வேலையும் இதோடு பொருந்துகிறது. நாகத்தைக் காந்தம் இழுக்காது. முனையில் ஒட்டியது வெளியே நிற்கிற இரும்புப் பட்டை. நடுவிலும் பட்டை உள்ளே ஓடுகிறதுதான், ஆனால் மேலே ஒரு விரல் தடிப்பில் நாகம் மூடியிருப்பதால் சின்னக் காந்தத்துக்கு எட்டவில்லை.

சரி, இனி மகன் செய்த அளவு. ஒரு உலோகம் எது என்று வீட்டிலேயே அறிய, அதன் எடையையும் அது பிடிக்கிற இடத்தையும் தெரிந்தால் போதும். எடை உங்களிடம் இருந்தது. இடத்தை அளக்க ஒரு வாளியைப் பெரிய தாச்சிக்குள் வைத்து, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, வழிவது நிற்கும்வரை காத்திருக்கச் சொன்னேன். பிறகு தாச்சியைத் துடைத்துவிட்டு, கட்டியை நூலில் கட்டி மெதுவாக முழுதும் அமிழ்த்த வேண்டும். வழிந்து தாச்சியில் விழுகிற தண்ணீர்தான் கட்டி பிடித்த இடம். அதைத் தன் சின்னத் தங்கச்சியின் பால் போத்தலில் ஊற்றி அளந்திருக்கிறான். அந்தப் போத்தலில் மில்லிலீற்றர் கோடு இருப்பது நல்லதாகப் போயிற்று. முதல் தரம் 310, இரண்டாம் தரம் 300, மூன்றாம் தரம் 305 மில்லிலீற்றர்.

2150ஐ 305ஆல் பிரித்தால் 7க்குச் சற்று மேலே வருகிறது. அதாவது ஒரு மில்லிலீற்றர் இடத்தில் 7 கிராம். சுத்தமான நாகத்துக்கு அது 7.1. கட்டியின் மேல் படிந்த வெள்ளைத் தூள் உலோகத்தைவிட இலேசு என்பதால் கொஞ்சம் குறைந்து வரத்தான் செய்யும். உள்ளே இருக்கிற இரும்புப் பட்டை கணக்கைக் கெடுக்காதா என்று மகன் கேட்டான். நல்ல கேள்வி. இரும்பு 7.9. இரண்டும் கிட்டக் கிட்ட இருப்பதாலும், கட்டியில் இரும்பு பத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும் என்பதாலும் பெரிய வித்தியாசம் வராது.

ஈயமாக இருந்தால் ஒரு மில்லிலீற்றருக்கு 11.3 கிராம். இதே 2 கிலோ 150 கிராம் ஈயம் 190 மில்லிலீற்றர் தண்ணீரைத்தான் வெளியே தள்ளியிருக்கும். வெள்ளி 10.5, அதுவும் 205ஐத் தாண்டாது. மகனின் அளவில் பத்துப் பதினைந்து மில்லிலீற்றர் பிழை இருக்கலாம், வாளி விளிம்பில் தண்ணீர் கொஞ்சம் உப்பி நிற்கும். ஆனால் நூறு மில்லிலீற்றர் பிழை விட வழியில்லை. அலுமினியமாக இருந்தால் கிட்டத்தட்ட 800 மில்லிலீற்றர் வழிந்திருக்கும், பால் போத்தல் மூன்று தரம் நிறைந்திருக்கும். இந்தக் கணக்கால் பிரிக்க முடியாத ஒன்று வெள்ளீயம். அதுவும் 7.3. ஆனால் வெள்ளீயம் விலை கூடிய உலோகம், அதை யாரும் இரும்புப் பட்டையில் வார்த்து மரப்பலகையில் பூட்ட மாட்டார்கள்.

தம்பிக்கு இன்னும் சந்தேகம் என்றால், கட்டியின் ஒரு மூலையை அரத்தால் ஒரு காசளவு பளபளக்கச் சுரண்டி, அதை ஒரு வெள்ளைத் தாளில் அழுத்தி இழுத்துப் பார்க்கட்டும். ஈயம் பென்சில் மாதிரிக் கோடு போடும், நகத்தால் கீறினாலும் பள்ளம் விழும். நாகம் அப்படி இல்லை. சுரண்டிய இடத்தில் தேசிக்காய்ச் சாறு இரண்டு துளி விட்டுக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் ஊசிமுனை போன்ற குமிழ்கள் எழும்பும். ஈயத்தில் அது வராது.

ஏன் ஒரு படகில் இப்படி ஒரு கட்டியைப் பூட்டுகிறார்கள், ஏன் அது கறையான் தின்றதுபோல் ஆகிறது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அந்தக் குழிகள்தான் இதன் கதை, அதனால் சொல்கிறேன்.

படகின் அடியில் ஒரே உலோகம் இருப்பதில்லை. புரொப்பெல்லர் வெண்கலம், அதன் தண்டு துருவேறா உருக்கு, சுக்கான் இரும்பு. இவை ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் நிற்கும்போது டோர்ச் பற்றரிக்குள் நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது. மின்னோட்டம் ஓடும், ஓடும்போது அவற்றில் ஒன்று கரையும். எது கரையும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. வெண்கலமும் இரும்பும் சேர்ந்தால் இரும்பு கரையும். அந்த இடத்தில் நாகத்தையும் கொண்டுபோய்ச் சேர்த்தால், இரும்பையும் முந்திக்கொண்டு நாகம் கரையும். நாகம் கரைகிற வரைக்கும் சுக்கானுக்கும் தண்டுக்கும் ஒன்றும் ஆகாது. அதனால்தான் வேண்டுமென்றே ஒரு நாகக் கட்டியைத் தின்னக் கொடுக்கிறோம். அந்தக் குழிகள் எல்லாம் கடல் தின்ற இடங்கள்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1824இல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கிலேய இரசாயனவியலாளர், கடற்படைக் கப்பல்களின் அடியில் பதித்த செப்புத் தகடு கடலில் அரிபடுவதைத் தடுக்க, அதோடு நாகத்தையோ இரும்பையோ சேர்த்து வைக்கலாம் என்று கண்டு சொன்னார். செம்பு அரிபடுவது நின்றது. ஆனால் செம்பு கரைந்துகொண்டிருந்தவரை அதன் நஞ்சுக்குப் பயந்து ஒட்டாமல் இருந்த சிப்பியும் பாசியும், கரைவது நின்றதும் கப்பலின் அடியில் அப்பிப் பிடிக்கத் தொடங்கிவிட்டன. கப்பல் வேகம் குறைந்தது, திட்டத்தையும் கைவிட்டார்கள். பின்னாளில் இரும்பிலும் உருக்கிலும் கப்பல் கட்டத் தொடங்கியபோது அதே முறை திரும்பி வந்தது. இன்றைக்கு எங்கள் துறையில் ஏறுகிற படகு வரைக்கும் வந்திருக்கிறது.

தம்பிக்கு இதைக் காட்டவும் ஒரு வழி இருக்கிறது. அவுட்போர்ட் எஞ்சினை மேலே தூக்கிவைத்து, புரொப்பெல்லருக்குப் பக்கத்தில், தண்ணீருக்குள் நிற்கும் பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான எஞ்சின்களில் பூச்சு அடிக்காத ஒரு சின்னச் சாம்பல் துண்டு திருகாணியால் பூட்டியிருக்கும். அது இந்தக் கட்டியின் சின்னப் பிள்ளை. அதற்குப் பெயின்ற் அடிக்கவே கூடாது. சில பேர் எஞ்சினுக்கு அழகாகப் பெயின்ற் அடிக்கும்போது அதற்கும் சேர்த்து அடித்துவிடுவார்கள். அதோடு அந்தத் துண்டு கரைவதை நிறுத்திவிடும், எஞ்சினின் அலுமினியம் கரையத் தொடங்கும். பாதி தேய்ந்தவுடன் மாற்ற வேண்டும். சிங்க் மாற்றாமல் பல மாதம் ஓடிய படகுகளைக் கரையில் ஏற்றும்போது நான் முதலில் பார்ப்பது புரொப்பெல்லரின் நிறத்தைத்தான். மஞ்சளாக இருக்க வேண்டிய இதழ் செம்பு நிறத்தில் சிவந்திருந்தால் அந்த வெண்கலத்தில் கலந்திருக்கும் நாகம் கரைந்து போய்விட்டது என்று அர்த்தம். அந்த இதழைச் சுத்தியலால் தட்டினால் மணி மாதிரிக் கேட்காது, மொத்தென்று கேட்கும். பிறகு ஒருநாள் நடுக்கடலில் அது உடையும்.

இனி உருக்குவதைப் பற்றி. இந்தக் கடிதத்தை நான் வெள்ளிக்கிழமை வரை தள்ளிப்போடாமல் இன்றைக்கே எழுதுவது இதற்காகத்தான்.

ஈயம் 327 பாகையில் உருகும். மணி வார்க்கிறவர்களுக்கு அந்தச் சூடு கைப்பழக்கம். நாகம் உருக 420 பாகை வேண்டும். தம்பி ஈயம் என்று நினைத்துச் சட்டியில் வைப்பான், வழக்கமான நேரத்தில் உருகாது. சிரட்டைக் கரியை இன்னும் போட்டு ஊதுவான். ஊதி எரிகிற கரி 900 பாகைக்கு மேலேயும் போகும், 907 பாகையில் நாகம் கொதித்து ஆவியாகும். அந்த ஆவி காற்றில் பட்டதும் எரிந்து, பஞ்சு பறப்பதுபோல் வெள்ளைப் புகையாக எழும்பும். அதைச் சுவாசித்தால் உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும்.

எனக்கு வந்திருக்கிறது. இளவயதில் ஒரு பட்டறையில் நாகமுலாம் பூசிய குழாய்களை நாள் முழுவதும் என்னை வெல்டிங் செய்ய வைத்தார்கள். மூடிய கொட்டகை, முகமூடி ஒன்றும் தரவில்லை. மாலையில் வாய்க்குள் இனிப்பும் இரும்பும் கலந்த ஒரு ருசி, தேத்தண்ணிகூட அந்த ருசிதான். இரவு பத்து மணிக்குப் பல் கிட்டி நடுங்கத் தொடங்கியது. மலேரியா என்றே வீட்டில் நினைத்தார்கள். அடுத்த நாள் மாலைக்குள் தானாக விட்டுவிட்டது. நாகப் புகைக் காய்ச்சல் அநேகமாக அப்படித்தான், ஒன்றிரண்டு நாளில் போய்விடும். ஆனால் கடலில் போடும் நாகக் கட்டியில் கட்மியம் என்ற இன்னொரு உலோகத்தையும் துளியளவு சேர்த்து வார்ப்பதுண்டு, கட்டி ஒரேமாதிரிக் கரைவதற்காக. கட்மியப் புகை காய்ச்சலோடு நிற்காது, நுரையீரலையே புண்ணாக்கும். உங்கள் கட்டியில் அது இருக்கிறதா என்று பார்வையில் சொல்ல முடியாது. இருக்கிறது என்று வைத்துத்தான் நடக்க வேண்டும்.

புகையைவிடச் சட்டென்று ஆபத்து தருவது அந்தக் குழிகள். இத்தனை வருடம் மண்ணில் கிடந்த கட்டி, வெளியே உலர்ந்தாலும் குழிகளுக்குள்ளும் பட்டை நுழைகிற விளிம்பிலும் ஈரம் இருக்கும். உருகிய உலோகத்துக்குள் அந்த ஈரம் அகப்பட்டால் ஒரே நொடியில் நீராவியாகி, சட்டியில் இருப்பதை முகத்தில் வாரி அடிக்கும். கடுகு தாளிக்கும்போது ஒரு துளி தண்ணீர் விழுந்தாலே என்ன ஆகிறது என்று உங்களுக்குத் தெரியும். இது 420 பாகை உலோகம்.

அப்படி உருக்கி மணி வார்த்தாலும் பயனில்லை. ஒரே பருமனுள்ள மணியில் ஈயத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவுதான் நாகத்தில் கிடைக்கும், வலை விரிந்து தாழாது. வாவித் தண்ணீரும் உப்புத்தானே, மணி கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

இது எப்படி உங்கள் வளவுக்கு வந்தது என்று நானும் யோசித்தேன். 2004 சுனாமியில் கடற்கரையில் நின்ற படகுகள் உடைந்து பலகை பலகையாக உள்ளே வந்தன. கல்லாறு கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு ஒடுங்கிய நிலம், தண்ணீர் ஓடாத வளவு குறைவு. இரண்டு கிலோக் கட்டியைத் தனியாகத் தண்ணீர் தூக்கி வராது, பலகையோடு சேர்ந்து மிதந்து வந்திருக்கும். பலகை உக்கிப் போக, கட்டி மணலில் தங்கியிருக்கும். துளையில் ஒட்டியிருக்கிற மரநாருக்கு இதுதான் பொருந்துகிறது. உங்களுக்கு முன் அந்த வளவில் யாராவது படகு பழுதுபார்த்து, கழித்ததைப் புதைத்திருந்தாலும் இப்படிக் கிடைக்கும். ஆனால் கழிக்கிற சிங்க்கை யாரும் உடைந்த போல்ட்டோடும் பலகையோடும் சேர்த்துக் கழற்றுவதில்லை, போல்ட்டைத் திருகித்தான் கழற்றுவார்கள். அதனால் என் எண்ணம் சுனாமிப் பக்கம்தான்.

கட்டியைக் கிணற்றடியில் வைக்க வேண்டாம். யாராவது தண்ணீர் சுத்தமாகும் என்று சொல்லிக் கிணற்றுக்குள் போடச் சொன்னாலும் போட வேண்டாம், கட்மியம் குடிதண்ணீரில் சேரக் கூடாது. அம்மா மினுக்கிப் பார்க்க ஆசைப்பட்டால், அந்த வெள்ளைத் தூளை உலரச் சுரண்டாமல் ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவட்டும். பழைய இரும்புக் கடையில் கொடுப்பதென்றால் நாகம் என்று சொல்லிக் கொடுங்கள், இரும்பு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

தென்னம்பிள்ளையை அதே குழியில் தாராளமாக வைக்கலாம். கட்டி கிடந்த இடத்தில் வெள்ளையாக உதிர்ந்திருக்கும் மண்ணை மட்டும் ஒரு தாச்சியளவு அள்ளிப் புறம்பாக வையுங்கள். ஆனால் இப்போதே வைக்க வேண்டாம், குழியை இன்னும் ஆழமாக்கவும் வேண்டாம். ஒரு படகுப் பலகை அங்கே உக்கியிருந்தால் அதன் மற்றப் போல்ட்டுகளும் நீண்ட ஆணிகளும் பக்கத்திலேயே இருக்கும். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடம் அது. ஒரு தகரத்தால் குழியை மூடி மேலே கல்லை வைத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை வெயில் தாழ நான் வருகிறேன். நாலு பக்கமும் பார்த்துவிட்டு, வெளியே போட்ட மணலை அரிதட்டில் அரித்துப் பார்ப்போம்.